பத்தாவது நொடியில் துள்ளும் சுடர்

இப்போதெல்லாம் கல்யாண ரிசப்ஷனில் மேடைக்குப் பின்னால் பாதி பூ அலங்காரம், பாதி எல்.இ.டி. திரை. நடுவில் மணமக்கள் பெயர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே தொங்கும் செவ்வந்திச் சரம், பெயருக்குப் பின்னால் மெல்லச் சுற்றும் ஒரு கோலம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்து, பத்தரை வரை இது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு யாரும் படம் செய்வதில்லை. பத்து நொடிப் படம் ஒன்றைச் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால், அதையே திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். அப்படிச் செய்து கொடுப்பதில்தான் என் மாத வாடகை போகிறது.

ஒரு கல்யாணத்தில் பந்திக்கு வரிசையில் நின்றிருந்தேன். திரையை இயக்கும் பையன் பக்கத்தில் வந்து, "அண்ணே, பத்து செகண்டுக்கு ஒரு தடவ விளக்கு தூக்கிப் போடுது, பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். அதுவரை நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இலையில் என்ன வைத்தார்கள் என்பதே எனக்கு நினைவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். சரியாகப் பத்தில், வலப்பக்கம் சாய்ந்திருந்த சுடர் வெட்டி வைத்தாற்போல இடப்பக்கம் போய் நின்றது. பத்துச் சுடரும் ஒரே நேரத்தில்.

அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், சுடர் எப்படி ஆடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

படம் செய்தது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில். 1993இல் வந்தது, டிவி சேனல்களின் லோகோ சுழல்வது, செய்தித் தலைப்பு வழுக்கி வருவது எல்லாம் பெரும்பாலும் இதன் கைவரிசைதான். அதில் எதையும் அசைக்க அடிப்படை வழி கீஃப்ரேம். இந்த நொடியில் இந்தச் சாய்வு, அந்த நொடியில் அந்தச் சாய்வு என்று இரண்டு புள்ளி வைத்தால், நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். ஒரு தடவை நடந்து முடிகிற அசைவுக்கு இது போதும். சுடருக்கு இது சரிப்படாது. ஒரு விளக்கில் ஐந்து திரி, இரண்டு விளக்குக்குப் பத்துச் சுடர். நொடிக்கு மூன்று அசைவு என்றால் பத்து நொடிக்கு ஒரு சுடருக்கு முப்பது புள்ளி. பத்துச் சுடருக்கு முந்நூறு. இது சாய்வுக்கு மட்டும். வைத்து முடித்த பிறகு "கொஞ்சம் வேகமா ஆடுதே" என்று பெண் வீட்டார் சொன்னால் முந்நூறையும் மறுபடி தொட வேண்டும்.

இதற்குத்தான் எக்ஸ்பிரஷன். 2001இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கீஃப்ரேம் வைக்கிற இடத்தில் ஒரு வரி எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த வரியைக் கணக்குப் போட்டு, வருகிற விடையை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. எழுதும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் இந்த வேலைக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எக்செல்லில் கூட்டல் சூத்திரம் போடத் தெரிந்தவருக்கு இது புரிந்துவிடும்.

சுடரின் லேயரைத் திறந்தால் Rotation என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். Alt விசையை அழுத்திக்கொண்டு அதை க்ளிக் செய்தால், மேக் கணினியில் Option, எழுதுவதற்கு ஒரு பெட்டி திறக்கும். அதில் இவ்வளவுதான்:

```
wiggle(3, 4)
```

வெளியே ஓரிடத்தில் க்ளிக் செய்தால் எண்ணின் நிறம் சிவப்பாக மாறும். இனி அந்த எண் நம் கையில் இல்லை, வரியின் கையில் என்று அர்த்தம். முதல் எண், நொடிக்கு எத்தனை முறை அசைய வேண்டும் என்பது. இரண்டாவது, எவ்வளவு தூரம் என்பது. சாய்வில் எழுதியதால் இந்த 4 நான்கு டிகிரி. இடத்தில் எழுதியிருந்தால் நான்கு பிக்சல். அளவில் எழுதியிருந்தால் நான்கு சதவீதம். ஏற்கெனவே இருக்கும் மதிப்பின் மேல்தான் இந்த ஆட்டம் ஏறுகிறது. பத்து டிகிரி சாய்த்து வைத்த சுடர், ஆறுக்கும் பதினாலுக்கும் நடுவில் ஆடும்.

ஆட்டத்தைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படும் தப்பு, சுடர் திரியை விட்டுக் கழன்று ஆடுவது. படத்தின் சுழல்மையம் இயல்பாக நடுவில் இருக்கும். அதனால் சுடர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. Y விசையை அழுத்தி, அந்த மையத்தைச் சுடரின் அடிக்கு, திரி இருக்கும் இடத்துக்கு இழுத்து வைக்க வேண்டும். வைத்த உடனே உயிர் வந்துவிடும். அடி நிற்கும், நுனி அலையும்.

அடுத்தது உயரம். சுடர் சாய்வது மட்டுமில்லை, ஏறி இறங்கவும் வேண்டும். Scale என்பதில் அகலம், உயரம் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அங்கே வெறுமனே wiggle எழுதினால் இரண்டும் தனித்தனியாக ஆடி, சுடர் ஒரு நேரம் பலாச்சுளை மாதிரி உப்பிவிடும். எனக்கு உயரம் மட்டும் போதும்:

```
[value[0], wiggle(4, 8)[1]]
```

இங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. 0 அகலம், 1 உயரம். அகலம் இருந்தபடியே இருக்கட்டும், உயரம் மட்டும் எட்டு சதவீதம் கூடிக் குறையட்டும் என்பதுதான் இந்த வரி. மணமக்கள் பெயருக்கோ லோகோவுக்கோ இதற்கு நேர்மாறாக வேண்டும், இரண்டும் சேர்ந்தே ஆட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து ரப்பர் போல நெளியும். அதற்கு wiggle கொடுத்த முதல் எண்ணையே இரண்டு இடத்திலும் போட வேண்டும்.

ஐந்து சுடரையும் நகலெடுத்து வைத்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி ஆடும். லேயருக்கு லேயர் மென்பொருள் வேறு விதை எடுத்துக்கொள்கிறது. ஆனால் நான் சோம்பல்பட்டு, இடப்பக்க விளக்கு முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டையே வலப்பக்கமும் வைத்திருந்தேன். உள்ளே இருப்பது ஒரே கணக்குத்தானே. இரண்டு விளக்கும் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி சேர்ந்தே சாய்ந்து சேர்ந்தே நிமிர்ந்தன. இதற்கு மருந்து, கட்டைத் தனியாக இன்னொரு பிரதி எடுத்து, அதன் உள்ளே wiggle வரிக்கு மேலே விதையை மாற்றி ஒரு வரி போடுவது. 7க்குப் பதில் எந்த எண்ணும் போடலாம்:

```
seedRandom(7, true);
wiggle(3, 4)
```

விதை என்று சொன்னதிலிருந்தே ஒன்று விளங்கும். wiggle கண்டபடி ஆடுவதாகத் தெரிந்தாலும் கண்டபடி ஆடவில்லை. இன்று ஐந்தாவது நொடியில் சுடர் எங்கே இருக்கிறதோ, நாளைக்குத் திறந்தாலும் ஐந்தாவது நொடியில் அங்கேயேதான் இருக்கும். அது நேரத்தைக் கேட்டு விடை சொல்லும் ஒரு வாய்ப்பாடு. போன ஃப்ரேமில் எங்கே இருந்தேன் என்று அதற்கு ஞாபகம் கிடையாது.

ஞாபகம் இல்லாததால் வரும் ஒரு வினோதத்தையும் பார்த்துவிடலாம். பெயர் தோன்றும்போது காற்றடித்தது போல விளக்கு படபடக்கட்டும் என்று, எட்டாவது நொடியிலிருந்து ஒன்பதாவது நொடிக்குள் முதல் எண்ணை 2லிருந்து 6க்கு ஏற்றினேன். படபடக்கவில்லை, காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். நொடிக்கு 2 என்றால் எட்டாவது நொடியில் அது தன்னுடைய 16ஆவது அசைவில் இருக்கிறது. நொடிக்கு 6 என்றால் ஒன்பதாவது நொடியில் 54ஆவது அசைவில் இருந்தாக வேண்டும். முன்பு மெதுவாக வந்தோம் என்பது தெரியாததால், நடுவில் உள்ள 38 அசைவையும் அந்த ஒரே நொடியில் ஓடிக் கடக்கிறது. ஆகவே முதல் எண்ணில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது எண்ணை, அதாவது தூரத்தை, ஒரு Slider Control வைத்து ஏற்றி இறக்கலாம். எந்தக் கோளாறும் வராது. வேகம்தான் மாற வேண்டும் என்று அடம் பிடித்தால், மெதுவான wiggle ஒன்று, வேகமான wiggle ஒன்று என்று இரண்டை எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல மாற்ற வேண்டும். இந்த மாற்றும் உத்தி நமக்கு இன்னும் சற்று நேரத்தில் தேவைப்படும்.

இப்போது திரும்ப ஓடும் பொருட்களுக்கு வருவோம். செவ்வந்திச் சரம் ஊஞ்சல் போல ஆடுகிறது. இதற்கு இரண்டே கீஃப்ரேம்: பூஜ்யத்தில் மூன்று டிகிரி இடப்பக்கம், முதல் நொடியில் மூன்று டிகிரி வலப்பக்கம். இரண்டையும் தேர்ந்தெடுத்து F9 அழுத்தினால் முனைகளில் மெதுவாகி நிதானமாகத் திரும்பும். பிறகு அதே Alt க்ளிக்:

```
loopOut("pingpong")
```

கடைசிக் கீஃப்ரேமுக்குப் பிறகு போன வழியே திரும்பி வா, மறுபடி போ என்று இதற்குப் பொருள். "pingpong" இருக்கும் இடத்தில் "cycle" என்று போட்டால் திரும்பி வராது. முடிந்ததும் முதல் இடத்துக்குத் தாவி மறுபடி தொடங்கும். அதனால் முதல் மதிப்பும் கடைசி மதிப்பும் ஒன்றாக இருக்கும் அசைவுக்குத்தான் அது பொருந்தும். "offset" என்று போட்டால் விட்ட இடத்திலிருந்து கூட்டிக்கொண்டே போகும். படி ஏறுவது போல.

இதை வாட்ஸப்பிலோ வேர்டு கோப்பிலோ எழுதி வைத்து எடுத்து ஒட்டினால் சில சமயம் மஞ்சள் நிறத்தில் பிழைச் செய்தி வரும். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கும். மேற்கோள் குறியைப் பார்க்க வேண்டும். அந்தச் செயலிகள் நேரான குறியை அழகுக்காக வளைத்துவிடுகின்றன. வளைந்த குறி இங்கே செல்லாது. loopOut என்பதில் நடுவில் பெரிய O இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

சரம் ஒரு முறை போய் வர இரண்டு நொடி. பத்து நொடிப் படத்தில் சரியாக ஐந்து முறை போய் வருகிறது. பத்தாவது நொடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. துள்ளல் இல்லை. "இன்னும் கொஞ்சம் மெதுவா ஆடட்டும்" என்று இரண்டாவது கீஃப்ரேமை 1.4 நொடிக்குத் தள்ளினால், போய் வர 2.8 நொடி ஆகும். பத்தை 2.8ஆல் வகுத்தால் மூன்றரைக்கு மேல் வரும். படம் முடியும்போது சரம் எங்கோ நடுவழியில் நிற்கும், அடுத்த சுற்றில் வெடுக்கென்று இடப்பக்கம் போய் விழும். மெதுவாக ஆட வேண்டுமானால் போய் வரும் நேரம் 2.5 நொடி, அல்லது ஒரேயடியாக ஐந்து நொடி என்று, பத்தை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

கோலத்துக்கு ஒரே வரி. ஒரு நொடிக்கு 36 டிகிரி என்றால் பத்து நொடியில் ஒரு முழுச் சுற்று:

```
time * 36
```

பழக்கத்தில் பலரும் இதற்குக் கீஃப்ரேம்தான் வைப்பார்கள். முதல் ஃப்ரேமில் 0, கடைசி ஃப்ரேமில் 360. நானும் வெகுகாலம் அப்படித்தான் வைத்தேன். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் பத்து நொடிக்கு 250 ஃப்ரேம். பூஜ்யத்தில் தொடங்குவதால் கடைசி ஃப்ரேமின் எண் 249. அங்கே 360 டிகிரி வைத்தால், அடுத்து வரும் 0ஆவது ஃப்ரேமிலும் அதே படம். ஒரே படம் இரண்டு முறை. இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி கோலம் நின்று போகும். சின்னத் திக்கல்தான். ஆனால் சீராகச் சுற்றும் ஒன்று திக்கினால் கண் உடனே பிடித்துவிடும். 360 வர வேண்டியது 250ஆவது ஃப்ரேமில், அதாவது படத்தில் இல்லாத, அடுத்த சுற்றின் முதல் ஃப்ரேமில். time வரி இதைத் தானாகவே சரியாகச் செய்துவிடுகிறது.

பத்து நொடிக்கு ஒரு சுற்று என்பது மேடைப் பின்னணிக்கு ரொம்ப வேகம். போட்டோவுக்கு நிற்பவர்களுக்குத் தலை சுற்றும். என் கோலத்தில் எட்டு இதழ். எட்டு இதழும் ஒன்று போலவே இருப்பதால் 45 டிகிரி திரும்பினாலே பழைய படம் வந்துவிடும். ஆகவே பத்து நொடியில் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டியதில்லை, 45 டிகிரி போதும். 36 இருந்த இடத்தில் 4.5 போட்டேன். எட்டில் ஒரு பங்கு வேகம். முடிச்சு எங்கே விழுகிறது என்று எனக்கே தெரியவில்லை.

சரமும் கோலமும் புறப்பட்ட இடத்துக்கே வருவதால் படத்தின் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்கின்றன. சுடர் மட்டும் ஒட்டாது. wiggle ஒருபோதும் வீடு திரும்புவதில்லை. பத்தாவது நொடியில் அது சொல்லும் விடைக்கும் பூஜ்யத்தில் சொன்ன விடைக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ரிசப்ஷனில் துள்ளியது இதுதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்பிரஷன்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் டான் எபர்ட்ஸ் இதை எழுதியிருக்கிறார். இன்று அநேகமாக எல்லோரும் கையாளுவது அந்த முறையைத்தான். wiggle எழுதும்போது நாம் பொதுவாக விட்டுவிடும் ஐந்தாவது எண் ஒன்று உண்டு. எந்த நேரத்துக்கு விடை சொல்ல வேண்டும் என்பது அது. விட்டுவிட்டால் இப்போதைய நேரம். வேறு நேரத்தையும் கொடுக்கலாம்; பூஜ்யத்துக்கு முந்தைய நேரத்தைக்கூடக் கொடுக்கலாம், அதற்கும் சலிக்காமல் விடை சொல்லும். ஆகவே சுடரின் சாய்வில் இப்படி எழுதினேன்:

```
L = 10;
t = time % L;
a = wiggle(3, 4, 1, 0.5, t);
b = wiggle(3, 4, 1, 0.5, t - L);
linear(t, 0, L, a, b)
```

L என்பது சுற்றின் நீளம். இரண்டாவது வரி, நேரத்தைப் பத்தால் வகுத்து மீதியை எடுக்கிறது. படம் எவ்வளவு நீண்டாலும் t பத்தைத் தாண்டாது. a, b இரண்டும் ஒரே வாய்ப்பாட்டின் இரண்டு பக்கங்கள். a பூஜ்யத்தில் தொடங்கிப் பத்து வரை போகிறது. b கழித்தல் பத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் வந்து முடிகிறது. நடுவில் இருக்கும் 1, 0.5 இரண்டும் வழக்கமான மதிப்புகள்தான். ஐந்தாவது இடத்துக்குப் போக அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசி வரி, முழுக்க aஇல் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக bக்கு மாறுகிறது.

முனைகளைப் பாருங்கள். சுற்று தொடங்கும்போது சுடர் முழுக்க a சொன்னபடி நிற்கிறது, அது பூஜ்யத்துக்கான விடை. சுற்று முடியும்போது முழுக்க b சொன்னபடி நிற்கிறது. அப்போது b எங்கே? பத்தில் பத்து போகப் பூஜ்யம், அதே விடை. சுடர் புறப்பட்ட சாய்வுக்கே வந்து சேர்ந்துவிட்டது, நடுவில் எங்கும் திரும்பி வருவதுபோலத் தெரியாமல்.

இதற்கு ஒரு விலை உண்டு. சுற்றின் நடுவில், ஐந்தாவது நொடி வாக்கில், a பாதி b பாதி கலந்திருக்கும். ஒன்று இடப்பக்கம் போகும்போது இன்னொன்று வலப்பக்கம் போனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் அந்த இடத்தில் ஆட்டம் ஏறக்குறைய எழுபது சதவீதமாகக் குறைந்துவிடும். சுடரில் இது தெரியாது. கையில் பிடித்த கேமரா போல முழுப் படத்தையே ஆட்டும்போது தெரியும். நடுவில் கேமராக்காரர் களைத்துவிட்ட மாதிரி இருக்கும். அப்போது கடைசி வரியில் 0 இருக்கும் இடத்தில் 8 போட்டுவிடலாம். எட்டு நொடி வரை முழு ஆட்டம். கடைசி இரண்டு நொடியில் மட்டும் மாற்றம்.

இன்னொரு எச்சரிக்கை: இந்த வரியை ஏற்கெனவே கீஃப்ரேம் வைத்த அசைவின் மேல் எழுதக் கூடாது. நாம் கொடுக்கும் நேரத்துக்கு wiggle தன் ஆட்டத்தை மட்டும் எடுப்பதில்லை, அந்த நேரத்தில் இருந்த கீஃப்ரேம் மதிப்பையும் சேர்த்து எடுக்கும். b கேட்பதோ பூஜ்யத்துக்கு முந்தைய நேரம்; அங்கே முதல் கீஃப்ரேமின் மதிப்பு மட்டும்தான் இருக்கும். ஆகவே பொருள் தன் பாதையை விட்டு, புறப்பட்ட இடத்தை நோக்கி மெல்ல இழுபடும். ஆட்டத்தை ஒரு லேயரிலும், பயணத்தை அதைச் சுமக்கும் இன்னொரு லேயரிலும் வைத்தால் தகராறு இல்லை.

படத்தை வெளியே எடுத்த பிறகு முடிச்சைச் சோதிக்க, கோப்பை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து, சேருமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். மூன்று விதக் கோளாறுதான் வரும். பொருள் இடம் மாறிக் குதித்தால் சுற்றின் கணக்கு தப்பு. சரமோ wiggle-ஓ பத்துக்குள் அடங்கவில்லை. குதிக்காமல் ஒரு கணம் திக்கினால், 249இல் வைத்த கீஃப்ரேம் மாதிரி ஏதோ ஒரு படம் இரண்டு முறை வருகிறது. கணினியில் இரண்டும் இல்லாமல், மண்டபத்தில் மட்டும் பத்து நொடிக்கு ஒரு முறை திரை கறுப்பாக மின்னினால், குற்றம் கோப்பில் இல்லை. பென்டிரைவை ஓட்டும் பெட்டி, கோப்பை மூடித் திறக்க நேரம் எடுத்துக்கொள்கிறது.

அதற்காக இப்போது பத்து நொடிக் கோப்பைக் கொடுப்பதையே விட்டுவிட்டேன். அந்தக் கோப்பை மறுபடி ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கொண்டுவந்து, Interpret Footage என்பதைத் திறந்தால் Loop என்று ஓர் எண் கேட்கும். அதில் 180 போட்டால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரக் கோப்பைத்தான் கொடுக்கிறேன். மூன்று மணி நேர ரிசப்ஷனில் பெட்டி அதை ஐந்து முறைதான் மூடித் திறக்க வேண்டியிருக்கும். போன மாதம் அதே பையன், "அண்ணே, ஃபைல் ரொம்பப் பெருசா இருக்கு, பென்டிரைவ்ல காப்பி ஆகவே பத்து நிமிஷம் ஆச்சு" என்று குறைபட்டுக்கொண்டான். விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.